"ஒரு லட்சம் வரை வட்டிக்கு வரி கிடையாதாமே சார்?" 15எச் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு



2025-இல் இரண்டு மூன்று மாதமாக எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வந்தது. "மூத்த குடிமக்களுக்கு மகிழ்ச்சிச் செய்தி! ஏப்ரல் 1 முதல் வங்கி வட்டி ஒரு லட்சம் வரை வரி இல்லை!" கீழே பூங்கொத்து, கும்பிடும் கை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இதை அப்படியே நம்பியிருக்கிறார்கள். காலை நடைப்பயிற்சியில் என்னை நிறுத்திக் கேட்டவர்கள் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள்.

நான் ஆடிட்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி பட்டயம் முடித்து, ஆரம்பப் பள்ளியில் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்துக்கு அந்தக் கூட்டல் கழித்தலே போதும். வேண்டியது ஒன்றுதான்: எந்த எண் எதற்கான எண் என்று தெரிய வேண்டும். அது தெரியாததால் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. வரியே இல்லாதவர்கள் பணத்தை விட்டுவிடுகிறார்கள். வரி கட்ட வேண்டியவர்கள் "கட்ட வேண்டியதில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டையும் கண்ணால் பார்த்ததால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த ஒரு லட்சம் என்ன என்று பார்ப்போம்.

வங்கி நமக்கு வட்டி கொடுக்கும்போது அதில் 10 சதவீதத்தைப் பிடித்து நம் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். இதைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். சின்னத் தொகைக்கெல்லாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். 2018-க்கு முன் வங்கி வட்டிக்கு அந்த எல்லை எல்லாருக்கும் 10,000 ரூபாய். 2018 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி மூத்த குடிமக்களுக்கு மட்டும் 50,000 ஆக்கினார். 2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் அதை ஒரு லட்சம் ஆக்கினார். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை.

அதாவது, ஒரு வங்கி உங்களுக்கு ஒரு வருடத்தில் கொடுக்கும் டெபாசிட் வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை என்றால் அந்த வங்கி டி.டி.எஸ். பிடிக்காது. அவ்வளவுதான் அதன் பொருள். பிடிக்காததால் அந்த வட்டிக்கு வரி இல்லை என்று ஆகிவிடாது. பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் நிறுத்திக் கேட்கவில்லை என்பதால் பையன் ஹோம்வொர்க் முடித்துவிட்டான் என்று சொல்ல முடியுமா? கணக்கு உள்ளே வகுப்பில்தான் பார்க்கப்படும். வட்டி ஒரு லட்சமானாலும் ஒரு ரூபாயானாலும் அது உங்கள் வருமானம். மொத்த வருமானத்தில் சேர்த்துத்தான் வரி உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

வருமான வரி விலக்கு வரம்பு என்பது வேறு எண். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் அது 4 லட்சம், எல்லா வயதினருக்கும். பழைய முறையில் 60 வயது முடிந்தவர்களுக்கு 3 லட்சம், 80 முடிந்தவர்களுக்கு 5 லட்சம். அதற்கு மேல் வருமானம் போனாலும் புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருக்கிறது. வரியைக் கணக்குப் போட்டு, பிறகு அதை முழுவதும் தள்ளிவிடுகிறார்கள். பழைய முறையில் இந்தத் தள்ளுபடி 5 லட்சம் வருமானம் வரைதான்.

இன்னொரு எண்ணும் உண்டு. அதே நிதியாண்டில் 80டிடிபி என்ற பிரிவில் மூத்த குடிமக்கள் வட்டி வருமானத்திலிருந்து 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். இதுவும் 2018 பட்ஜெட்டில் வந்ததுதான். ஆனால் பழைய முறையில் மட்டும். 2025-இல் டி.டி.எஸ். எல்லையை ஒரு லட்சம் ஆக்கியவர்கள் இந்த 50,000-ஐத் தொடவே இல்லை. 2018-இல் இரண்டும் ஒரே எண்ணாக இருந்ததால் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டார்கள். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப் செய்தியின் மூலம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு நிஜக் கணக்கு.

எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். வயது 68. கணவர் ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். பி.எஃப். பணம், இன்சூரன்ஸ் பணம், சேமிப்பு எல்லாம் சேர்த்து 18 லட்சம் டெபாசிட்டில் கிடக்கிறது. அதில் 11 லட்சம் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில், 7 லட்சம் அதே வங்கியின் ராஜபாளையம் கிளையில். கணவர் இருந்தபோது சம்பளக் கணக்கு அங்கே இருந்ததால் அப்படி. 2024-இல் போட்டது, வட்டி ஏழரை சதவீதம். காலாண்டுக்கு ஒரு முறை வட்டி கையில் வரும்படி போட்டிருக்கிறார். அதை வைத்துத்தான் குடும்பம் ஓடுகிறது. இது போக பி.எஃப். பென்ஷன் மாதம் 1,500 ரூபாய்.

2024 வரை ஏப்ரலில் மகன் வந்து 15எச் கொடுத்துவிடுவார். 2025-இல் "ஒரு லட்சம் வரை பிடிக்க மாட்டாங்களாம், நமக்கு ஒரு கிளையில 82,500, இன்னொரு கிளையில 52,500 தானே, படிவமே வேண்டாம்" என்று விட்டுவிட்டார்கள். ஜூன் முடிந்து வட்டி வந்தபோது 33,750 வர வேண்டிய இடத்தில் 30,375 வந்திருக்கிறது. 3,375 ரூபாய் போய்விட்டது.

என்ன நடந்தது? கோர் பேங்கிங் இருக்கும் வங்கியில் எல்லையைக் கிளைவாரியாகப் பார்ப்பதில்லை. ஒரே பான் எண்ணில் எல்லாக் கிளைகளிலும் உள்ள டெபாசிட் வட்டியைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். 2015 ஜூன் முதல் இப்படித்தான். 82,500-உம் 52,500-உம் சேர்ந்தால் 1,35,000. எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டிய 35,000-க்கு மட்டும் பிடிப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். தாண்டிவிட்டால் முதல் ரூபாயிலிருந்து மொத்த வட்டிக்கும் 10 சதவீதம். ஆண்டுக்கு 13,500. முதல் காலாண்டுக்கு 3,375.

இதே பணத்தை இரண்டு வெவ்வேறு வங்கிகளில் போட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் எல்லை ஒவ்வொரு வங்கிக்கும் தனி.

இந்த அக்காவின் வருமானம் எவ்வளவு? வட்டி 1,35,000, பென்ஷன் 18,000. மொத்தம் 1,53,000. நான்கு லட்சத்தில் பாதிகூட இல்லை. வரி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் பிடித்த 3,375-ஐ வங்கி திருப்பித் தராது, அது துறைக்குப் போய்விடும். 2025-26 நிதியாண்டு முடிந்து, 2026 ஏப்ரலுக்குப் பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் ரீஃபண்டாக வாங்க முடியும். வாழ்நாளில் ரிட்டர்ன் போட்டே அறியாதவர் அதற்கென்று கம்ப்யூட்டர் சென்டருக்குப் போக வேண்டும், பணம் கொடுக்க வேண்டும், ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இப்போது மகனை வரச் சொல்லி 15எச் கொடுத்தாயிற்று. மீதி மூன்று காலாண்டுக்குப் பிடிக்க மாட்டார்கள். படிவத்தை வருடத்தின் நடுவிலும் கொடுக்கலாம். கொடுத்த பிறகு வரும் வட்டிக்குத்தான் அது பாதுகாப்பு, ஏற்கெனவே பிடித்ததற்கு இல்லை. அதனால்தான் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள் என்று சொல்வது.

இவரைப் போன்றவர்களுக்காகவே 2025-26 நிதியாண்டு வரை இருந்த படிவம்தான் 15எச். இவர் கொடுக்காமல் இருப்பது நஷ்டம். ஆனால் கொடுக்கக் கூடாதவர்களும் கொடுக்கிறார்கள். அதற்கு வருகிறேன்.

15எச் என்பது விண்ணப்பம் இல்லை, உறுதிமொழி. "என் மொத்த வருமானத்தைக் கணக்கிட்டால் இந்த ஆண்டு எனக்கு வரி எதுவும் வராது" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள். பொய்யாகக் கொடுத்தால் வருமான வரிச் சட்டம் 277-ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனை வரை போகலாம் என்று படிவத்தின் குறிப்பிலேயே அச்சிட்டிருந்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். யார் படிக்கிறார்கள்? கவுன்ட்டரில் கொடுக்கிறார்கள், "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்கிறார்கள், போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். நாற்பது வருடம் பிள்ளைகளிடம் "கேள்வியைப் படிக்காமல் விடை எழுதாதே" என்று சொன்னவர்களே இப்படிச் செய்தால் எப்படி?

படிவத்தில் முக்கியமான கட்டங்கள் மூன்றுதான். 15-ஆவது கட்டத்தில், இந்தப் படிவத்தை எந்த வட்டிக்காகக் கொடுக்கிறீர்களோ அந்தத் தொகை. 16-ஆவது கட்டத்தில், இந்த ஆண்டு உங்கள் உத்தேச மொத்த வருமானம்: பென்ஷன், வாடகை, எல்லா வங்கி வட்டி, அஞ்சலக வட்டி எல்லாம் சேர்த்து. 17-ஆவது கட்டத்தில், இதே ஆண்டில் வேறு இடங்களில் எத்தனை 15எச் கொடுத்திருக்கிறீர்கள், அவற்றின் மொத்தத் தொகை எவ்வளவு. பெரும்பாலோர் 16-ஐயும் 17-ஐயும் காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது கவுன்ட்டரில் இருப்பவர் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக்கொள்கிறார். அவருக்கு உங்கள் பென்ஷன் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? காலிப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அது வெற்று புரோநோட்டில் கையெழுத்துப் போடுவது போல.

சரி, பென்ஷன் வாங்கும் நாம் கொடுக்கலாமா?

ராஜபாளையத்தில் ஓய்வு பெற்ற ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். வயது 66. பென்ஷன் மாதம் 38,000, வருடத்துக்கு 4,56,000. வங்கியில் 20 லட்சம், ஏழரை சதவீதத்தில் வட்டி 1,50,000. புதிய முறையில் பென்ஷனில் நிலையான கழிவு 75,000 போக 3,81,000. வட்டியைச் சேர்த்தால் 5,31,000. நான்கு லட்சத்துக்கு மேல் உள்ள 1,31,000-க்கு 5 சதவீதம் என்றால் வரி 6,550. வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் முழுவதும் தள்ளுபடி. கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

இவர் 15எச் கொடுக்கலாமா? கொடுக்கலாம். "வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டிவிட்டதே, கொடுக்கக் கூடாது" என்று சில வங்கிகளில் இன்னும் சொல்கிறார்கள். 2019 மே மாதமே நேரடி வரிகள் வாரியம் இந்தப் படிவத்தின் குறிப்பைத் திருத்திவிட்டது. 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யமானால் படிவத்தை ஏற்கலாம். 60 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கொடுக்கும் 15ஜி படிவத்துக்குத்தான் வட்டி விலக்கு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனை. நமக்கு அது இல்லை. நமக்குக் கேள்வி ஒன்றே ஒன்று: கடைசியில் வரி வருமா, வராதா?

இதே மனிதர் "பழைய முறைதான் நமக்குப் பழக்கம்" என்று அதிலேயே இருந்தால் என்ன ஆகும்? 50,000 கழிவு போகப் பென்ஷன் 4,06,000. வட்டி சேர்த்து 5,56,000. 80டிடிபி 50,000 கழித்தால் 5,06,000. வேறு கழிவு எதுவும் இல்லையென்றால் ஐந்து லட்சத்தை ஆறாயிரம் தாண்டியதால் தள்ளுபடி போய்விட்டது. வரி 11,200, செஸ் 448, ஆக 11,648. ஒரே மனிதர், ஒரே வருமானம். ஒரு முறையில் பூஜ்யம், இன்னொன்றில் பதினோராயிரத்துச் சொச்சம். ஆகவே எந்த முறை என்று முடிவு செய்யாமல் 15எச்-சில் கை வைக்காதீர்கள்.

அடுத்தவர், ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். பென்ஷன் மாதம் 78,000, வருடத்துக்கு 9,36,000. 75,000 கழித்தால் 8,61,000. ஓய்வுக்காலப் பணமும் சேமிப்புமாக 50 லட்சம் டெபாசிட், வட்டி 3,75,000. மொத்தம் 12,36,000. பன்னிரண்டைத் தாண்டிவிட்டார். படிப்படியாகக் கணக்குப் போட்டால் வரி 65,400 வரும். ஆனால் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று ஒரு சலுகை இருப்பதால் 36,000-த்தோடு நிற்கும். செஸ் சேர்த்து 37,440. வங்கி பிடிக்கும் டி.டி.எஸ். 37,500. கிட்டத்தட்ட சரியாகப் போய்விட்டது, பாருங்கள். இவர் 15எச் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி.

ஆனால் இவர் மூன்று வங்கிகளில் பிரித்துப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு வங்கியும் தன்னிடம் உள்ள வட்டியை மட்டும்தான் பார்க்கும். மூன்று இடத்திலும் 15எச் கொடுத்தால் மூன்று பேரும் வாங்கிக்கொள்வார்கள். கவுன்ட்டரில் யாரும் தடுக்க மாட்டார்கள். "மூணு பேங்க்லயும் வாங்கிக்கிட்டாங்க சார், அப்ப நான் எலிஜிபிள்தானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. படிவத்தை வாங்கிக்கொண்டது உங்கள் பேச்சை நம்பித்தான். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு அடையாள எண் போட்டு வங்கி துறைக்கு அனுப்பிவிடுகிறது. துறையிடம் எல்லாம் ஒரே பான் எண்ணின் கீழ் போய்ச் சேருகிறது. மூன்றையும் கூட்ட அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இன்னொன்று. "வட்டி எனக்கு வந்தால்தானே வரி, வீட்டுக்காரி பெயரில் போட்டுவிட்டேன், அவளுக்கு வருமானமே இல்லை, அவள் பெயரில் 15எச் கொடுத்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. கணவனின் கிராஜுவிட்டிப் பணத்தை மனைவிக்குச் சும்மா கொடுத்து அவர் பெயரில் டெபாசிட் போட்டால், அந்த வட்டி சட்டப்படி கணவனின் வருமானத்தில்தான் சேரும். 15எச் உறுதிமொழியிலேயே "இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறொருவர் வருமானத்தில் சேரக்கூடியது அல்ல" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியின் கீழ் வீட்டம்மா கையெழுத்துப் போடுகிறார். எதில் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. கணவனின் வருமானம் எல்லாம் சேர்ந்தும் 12 லட்சத்துக்குள் அடங்கினால் வரி வராமல் போகலாம், ஆனாலும் அந்த உறுதிமொழி தப்புதான். மனைவியின் சொந்தச் சம்பாத்தியம், அவருடைய பென்ஷன், பிறந்த வீட்டுப் பணம் என்றால் பிரச்சினை இல்லை. அது அவருடையதே.

அதே போல் இந்த வருடம் மனை விற்றவர்கள், ஷேர் அல்லது மியூச்சுவல் ஃபண்ட் விற்றவர்கள் கவனிக்க வேண்டும். தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் லாபத்துக்குப் புதிய முறையின் தள்ளுபடி கிடையாது. "12 லட்சத்துக்குள்தானே" என்று 15எச் கொடுத்துவிடாதீர்கள். விற்பதாக இருந்தால் முதலில் கணக்குப் பாருங்கள். ஏற்கெனவே 15எச் கொடுத்த பிறகு விற்றால் வங்கியிடம் சொல்லிவிட்டு, வர வேண்டிய வரியை நீங்களே கட்டிவிடுங்கள்.

இன்னும் நான்கு விஷயங்கள், சுருக்கமாக.

15எச் ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான். போன வருடம் கொடுத்தது போன வருடத்தோடு போயிற்று. ஒவ்வொரு வங்கிக்கும், அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பணம் இருந்தால் அங்கேயும், தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கூட்டுக் கணக்கானால் முதல் பெயர் யாருடையதோ அவர்தான் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். "கொடுத்தேனே" என்ற வார்த்தைக்கு மதிப்பு கிடையாது.

வட்டி கையில் வராத, முதிர்வில் மொத்தமாக வரும் டெபாசிட்டுக்கும் வருடா வருடம் டி.டி.எஸ். உண்டு. ஐந்து வருடம் கழித்து வரும் பணத்துக்கு இப்போதே ஏன் பிடிக்கிறான் என்று சண்டை போட வேண்டாம். வட்டி அந்தந்த வருடம் உங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே வருகிறது. அப்படிப் போட்டவர்கள் டெபாசிட் முடியும்போதுதான் தொகை குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை incometax.gov.in தளத்தில் 26ஏஎஸ் பட்டியலைப் பேரப் பிள்ளைகளை விட்டுத் திறந்து பாருங்கள். எந்த வங்கி எவ்வளவு பிடித்தது என்று வரிசையாக இருக்கும்.

பான் எண் இல்லாமல் 15எச் செல்லாது. பான் இல்லை என்றால், அல்லது ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து போயிருந்தால், எல்லையைத் தாண்டிய வட்டிக்கு 10-க்குப் பதிலாக 20 சதவீதம் பிடிப்பார்கள்.

கடைசியாக, 15எச் கொடுத்துவிட்டதால் ரிட்டர்ன் போட வேண்டாம் என்பதில்லை. மேலே சொன்ன 38,000 பென்ஷன்காரருக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் மொத்த வருமானம் விலக்கு வரம்பான நான்கு லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தள்ளுபடியே அதில்தான் காட்டப்படுகிறது. போன நிதியாண்டில் யாருக்காவது தேவையில்லாமல் பிடித்திருந்தால், அதற்கான ரிட்டர்னைக் காலக்கெடுவுக்குள் போட்டுவிடுங்கள். விட்டுவிடாதீர்கள்.

இனி என் கருத்து.

பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று அரசே சொல்லிவிட்டது. அப்படியானால் வட்டியை நம்பி வாழும் முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வரி கட்ட வேண்டியவர்களே இல்லை. கட்ட வேண்டாத வரியைப் பிடிக்க வேண்டாம் என்று கேட்க, முழங்கால் வலியோடு ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒவ்வொரு வங்கிப் படியும் ஏறி, ஒரே விஷயத்தை நான்கு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமா? செல்போனில் கொடுக்கும் வசதி பல வங்கிகளில் வந்துவிட்டது, உண்மைதான். அந்த அக்காவிடம் இருப்பது பட்டன் போன்.

ஒரு பான் எண்ணுக்கு ஒரே ஒரு உறுதிமொழி போதும். வருமான வரித் துறையின் தளத்திலோ ஏதாவது ஒரு வங்கியிலோ கொடுத்தால் அது எல்லா வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். "அப்படிச் செய்தால் ஏமாற்றுவார்கள்" என்று என் நண்பர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படிவம் எளிதாக எளிதாகப் பொய்யும் எளிதாகும். ஆனால் நான் பார்த்த வரையில் ஏமாற்றுவதற்கு வழி கொடுப்பதே இந்தத் தனித்தனிப் படிவம்தான். ஒவ்வொரு வங்கியும் யானையின் ஒரு காலை மட்டும் பார்க்கிறது. ஒரே உறுதிமொழி என்றால் மொத்த வருமானத்தை ஒரே இடத்தில் எழுத வேண்டும், அதை எல்லா வங்கிகளும் தரும் வட்டிக் கணக்கோடு துறையே ஒப்பிடலாம். உண்மையானவர்களுக்கு அலைச்சல் குறையும், மற்றவர்களுக்குத் துணிச்சல் குறையும்.

இரண்டாவது, எல்லையைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும் பிடிக்க வேண்டும். வட்டி 1,00,000 என்றால் பிடித்தம் இல்லை, 1,00,100 என்றால் 10,010 ரூபாய் பிடித்தம் என்பது எந்த வாய்ப்பாட்டிலும் சேராத கணக்கு.

மூன்றாவது, அந்தப் படிவத்தைத் தமிழில் கொடுங்கள். சிறைத் தண்டனை வரை போகக்கூடிய ஒரு உறுதிமொழியை, கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாத மொழியில் நீட்டுவது நியாயமே இல்லை. இரண்டு ஊர்களிலும் உள்ள ஓய்வூதியர் சங்கங்கள் வங்கிகளிடம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுவாக இருக்க வேண்டும் என்பேன். அதுவரை, படித்த நாம் ஏப்ரல் முதல் வாரத்தில் நம் தெருவில் இருக்கும் இரண்டு பேருக்காவது படிவத்தைப் படித்துச் சொல்லி, வருமானத்தைக் கூட்டிப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்துப் போட வைக்கலாம்.

உங்கள் கணக்கில் சந்தேகம் இருந்தால் பென்ஷன், வட்டி, வயது மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்யுங்கள். கமென்ட்டில் தொகையை எழுத வேண்டாம், ஊரே பார்க்கும். பெரிய தொகை, மனை விற்பனை என்றால் ஆடிட்டரிடம் போய்விடுங்கள், அது என் வகுப்புக்கு மேற்பட்ட பாடம்.